அகற்றப்பட்ட சுவரும் அது தந்த நிழலும்

கட்டடத்தின் ஒரு பக்கத்தைக் கத்தியால் அரிந்தெடுத்ததுபோல் நீக்கிவிட்டு, தளங்களையும் அறைகளையும் அவற்றிலுள்ள அறைகலன்களையும் நிழற்படம்போலக் காட்டும் வெட்டுத் தோற்றங்கள் இன்று கட்டடக்கலை ஆய்வேடுகளில் பெருகியுள்ளன. முப்பரிமாண மாதிரி ஒன்று கையிலிருந்தால் அத்தகைய படம் ஒரே மாலையில் உருவாகிவிடும். ஆனால் இவற்றுள் பல ஒரே பிழையைச் செய்கின்றன. நீக்கப்பட்ட சுவரின் வழியே, அக்கட்டடத்திற்கு ஒருபோதும் கிடைத்திராத வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடுகின்றன. கட்டடம் நின்றுகொண்டிருந்தால் நேரில் சென்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். இடிக்கப்பட்டுவிட்டதென்றால் அந்தப் படமே சான்றாகிவிடுகிறது.

சார்லஸ் கொரியா அகமதாபாத்தில் 1961–62இல் வடிவமைத்த குழாய் வீடு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. குறைந்த வருவாயினருக்கான குடியிருப்பாக எண்ணப்பட்ட அவ்வீடு 3.6 மீட்டர் அகலமும் 18.2 மீட்டர் நீளமும் கொண்டது. ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கும்படி திட்டமிடப்பட்டதால், நீளவாக்குச் சுவர்கள் இரண்டும் அண்டை வீடுகளோடு பகிர்ந்துகொள்ளும் பொதுச்சுவர்கள். சூடேறிய காற்று சாய்ந்த கூரையின் அடிப்புறமாக மேலேறி உச்சித் திறப்பின் வழியே வெளியேற, வாயிலருகே தாழ்வாக அமைந்த திறப்புகளின் வழியே புதுக்காற்று உள்ளே வரும். அறைகளைப் பிரிப்பவை பெரும்பாலும் கதவுகள் அல்ல, தளங்களின் உயர வேறுபாடுகளே. ஆகவே அவ்வீட்டின் கருத்து முழுவதும் அதன் நீள்வெட்டில்தான் இருக்கிறது. அவ்வீடு 1995இல் இடிக்கப்பட்டது.

இவ்வீட்டை மறுஉருவாக்க முனையும் ஆய்வாளர் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வழி எளியது. வரைபடங்களிலிருந்து சுவர், தளம், கூரை ஆகியவற்றைப் பிளெண்டர் போன்றதொரு மென்பொருளில் எழுப்புகிறார். நீளவாக்கில் ஒரு வெட்டுத்தளத்தை வைத்து, முன்பாதியை `Boolean` கருவியால் அழித்துவிடுகிறார். பிறகு சூரியனையும் வானத்தையும் அமைத்துப் படத்தை உருவாக்குகிறார். படம் பளிச்சென்று வருகிறது. இடைத்தளத்தின் அடிப்பகுதிவரை ஒளி பரவியிருக்கிறது. பார்ப்பவர் உடனே, இவ்வளவு குறுகிய வீட்டிலும் இத்தனை வெளிச்சமா என்று வியக்கிறார்.

அந்த வியப்பு கொரியாவின் வடிவமைப்பால் வந்ததன்று, அழிக்கப்பட்ட சுவரால் வந்தது. சராசரி உயரம் 3 மீட்டர் என்று கொண்டாலும், நீக்கப்பட்ட பொதுச்சுவர் ஏறத்தாழ 55 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு சாளரமாகிவிடுகிறது. வீட்டின் குறுகிய முகப்பை 2.4 மீட்டர் உயரத்திற்கு முழுவதுமாகத் திறந்துவைத்தால்கூட 9 சதுர மீட்டரை எட்டாது. இரு முனைகளையும் அவ்வாறு திறந்தாலும் 55இல் மூன்றிலொரு பங்குக்குச் சற்றே குறைவுதான். இப்பிழை அவ்வீட்டின் இயல்பையே தலைகீழாக்குகிறது. வெயிலைத் தடுத்துக் காற்றைமட்டும் இழுக்க முயன்ற ஒரு வீடு, வெயிலில் குளிக்கும் வீடாகத் தோன்றுகிறது.

சூரியனின் நிலையைக் கொண்டே இதைச் சோதித்துப் பார்க்கலாம். அகமதாபாத் ஏறக்குறைய 23 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஜூன் 21 நண்பகலில் சூரியன் அங்கே கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். டிசம்பர் 21 நண்பகலில் தென்திசையில் சுமார் 43.5 பாகை உயரத்தில் இருக்கும். ஜூன் நண்பகல் என்று குறிக்கப்பட்ட படத்தில், வெட்டுப்பக்கத்திலிருந்து தரையில் சாய்ந்து விழும் வெயில் பட்டை ஒன்று தென்பட்டால் அது பொய்யானது. அந்நேரத்தில் நேரடி வெயில் திறந்த முற்றத்திலும் கூரைத் திறப்பின் கீழும் செங்குத்தாக மட்டுமே விழ முடியும்.

இதற்குரிய திருத்தம் கடினமானதன்று. வெட்டப்பட்ட பாதியை அழிக்காமல், காட்சியிலேயே விட்டுவைத்து, கேமராவின் பார்வைக்கு மட்டும் மறைத்துவிட வேண்டும். ஒளிக்கதிர்களுக்கு அச்சுவர் தொடர்ந்து நின்றுகொண்டிருக்கும். வானொளியைத் தடுக்கும், உள்ளே வந்த ஒளியைத் தன் வெள்ளைப் பூச்சால் எதிரொளிக்கும். சைக்கிள்ஸ் முறையில் படம் உருவாக்குவோர், மறைக்கவேண்டிய பொருளைத் தெரிவுசெய்து `Visibility` பகுதியில் `Ray Visibility` என்பதன்கீழ் `Camera` குறியை நீக்கினால் போதும். நிரலாக எழுதுவோர்க்கு:

```python
import bpy
bpy.data.objects["cut_half"].visible_camera = False
```

இவ்வாறு செய்ததும் ஒரு விளைவு கண்ணில் படும். காணும் பாதியில் வெட்டுண்ட சுவர்முகங்கள் கரியநிறமாகிவிடும். மறைந்துள்ள பாதி அவற்றை மூடிக்கொண்டிருப்பதால் அங்கே ஒளி புகாது. இது குறையன்று. வெட்டுமுகத்தைச் சீரான ஒரே வண்ணத்தில் நிரப்புவது வரைபட மரபு. அம்முகங்களை மட்டும் தேர்ந்து, தானே ஒளிரும் தட்டையான வண்ணம் ஒன்றைக் கொடுக்கலாம். மறைந்த பாதி அவற்றை மூடியிருப்பதால் அவ்வொளி அறைகளுக்குள் கசிவதில்லை. இரு பாதிகளின் முகங்களும் ஒரே தளத்தில் மோதிப் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால், மறைந்த பாதியை 1 மில்லிமீட்டர் விலக்கினால் சரியாகிவிடும். சுவர்கள் தடிப்புள்ள, முழுதும் மூடிய திண்மங்களாக மாதிரியில் இருப்பது முன்நிபந்தனை. தடிப்பற்ற ஒற்றைத் தாளாக வரையப்பட்ட சுவரை வெட்டினால் முகமே கிடைக்காது. வெட்டுக்கோட்டில் சுவர் உள்ளீடற்ற பெட்டியாகத் தெரிந்தால், மாதிரியில் எங்கோ ஓட்டை இருக்கிறதென்று பொருள்.

ஒளி சரியாகிவிட்டதா என்பதை உறுதிசெய்யவும் ஒரு வழியுண்டு. வெட்டாத முழுவீட்டின் உள்ளே மற்றொரு கேமராவை வைத்து, அதே ஒளியளவு அமைப்பில் ஒரு படம் எடுத்து, இடைத்தளத்தின் கீழுள்ள பளபளப்பற்ற தரையில் குறித்த ஓரிடத்தின் பொலிவை இரு படங்களிலும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் வெட்டுத் தோற்றம் நம்பத்தக்கது. வெட்டுத் தோற்றத்தில் அவ்விடம் பலமடங்கு வெளிச்சமாக இருந்தால் சுவர் உண்மையில் ஒளியைத் தடுக்கவில்லை. சரியான படம் பெரும்பாலும் இருண்டே வரும். அதை மொத்தமாக ஒரே அளவில் வெளிச்சமாக்குவதில் தவறில்லை, நிழற்படக் கலைஞரும் அதையே செய்கிறார். அறைக்குள் இல்லாத விளக்குகளை ஒளித்து வைப்பதுதான் ஏமாற்று.

அடுத்தது கேமராவின் இடம். பார்வை வெட்டுத்தளத்திற்குச் செங்குத்தாக இருந்தால், வெட்டுமுகம் சிதையாமல் அளவு மாறாத வரைபடமாகவே நிற்கும், அறைகளின் ஆழம் மட்டும் உள்ளே குவியும். கண்மட்டத்தைத் தரைத்தளத்து மனிதனின் உயரமான 1.5 மீட்டரில் வைத்தால், இடைத்தளத்தின் அடிப்புறமே தெரியும். மேலேயுள்ள கட்டிலின் கால்களும் தரையும் மறைந்துபோகும். கண்மட்டத்தை இடைத்தளத்திற்குச் சற்று மேலே, கூரைக்குக் கீழே வைத்தால், இரு தளங்களின் தரைகளும் கூரையின் சாய்ந்த அடிப்புறமும் ஒருங்கே புலப்படும். காற்று மேலேறும் வழியைக் காட்டவேண்டிய இவ்வீட்டிற்கு அதுவே பொருத்தமான இடம்.

அறைகலன்களில் சிக்கல் வேறுவகையானது. இலவசத் தொகுப்புகளில் எளிதில் கிடைப்பவை பெரிய சோபாக்களும் இருவர் படுக்கும் மெத்தைக் கட்டில்களும். 1.8 மீட்டர் அகலக் கட்டிலை 3.6 மீட்டர் அகல வீட்டில் குறுக்காக வைத்தால் பாதி அகலம் போய்விடுகிறது, வீடு நெரிசலானதென்று பார்ப்பவர் முடிவுகட்டுகிறார். பகலில் நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவைக்கத்தக்க கயிற்றுக்கட்டிலோ, சுருட்டிவைக்கும் படுக்கையோ இருந்தால் அதே அறை வேறு விதமாக இயங்கும். எனவே இங்கே அறைகலன் வெறும் அலங்காரமன்று. அவ்வளவு அகலம் ஒரு குடும்பத்திற்குப் போதுமா என்னும் கேள்விக்கு அது தரும் விடை. நெரிசல் தெரியாமலிருக்க அறைகலன்களைப் பத்து விழுக்காடு சுருக்கும் விற்பனைப்படத் தந்திரமும் ஆய்வேடுகளுக்குள் நுழையக்கூடும். இருக்கையின் உயரம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர், கதவின் உயரம் 2.1 மீட்டர் என்பதை வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

அவ்வீட்டில் என்னென்ன பொருள்கள் இருந்தன என்பதற்கு வரைபடமோ நிழற்படமோ சான்று தந்தால், அவற்றை முழு வண்ணத்தோடும் இழையமைப்போடும் காட்டலாம். சான்றில்லாதவற்றை ஒரே சாம்பல்நிறக் களிமண் உருவங்களாக நிறுத்துவதே நேர்மை. படத்தின் அழகு சற்றுக் குறையும். ஆனால் எது அறியப்பட்டது, எது ஊகிக்கப்பட்டது என்பதைப் பார்ப்பவர் ஒரே பார்வையில் பிரித்தறிவார்.

வெட்டுத் தோற்றமே ஒரு கற்பனைதானே, சுவரையே எடுத்துவிட்ட படத்தில் வெளிச்சத்தின் உண்மையைத் தேடுவது எதற்கு என்று சிலர் கேட்கலாம். விடை எளிது. சுவர் நீக்கப்பட்டிருப்பது பார்ப்பவருக்குத் தெரியும், அது அறிவிக்கப்பட்ட கற்பனை. நீங்கிய சுவர் வழியே வெளிச்சமும் வந்திருப்பது அவருக்குத் தெரியாது, அது அறிவிக்கப்படாத கற்பனை. பால் ருடால்ஃப் தம் கட்டடங்களுக்கு மையினால் கோடு கோடாக வரைந்த வெட்டுத் தோற்றங்களை யாரும் ஒளியளவைக்குச் சான்றாகக் கொள்வதில்லை, ஏனெனில் அவை தம்மை ஓவியங்களென்றே காட்டிக்கொள்கின்றன. நிழற்படத்தின் தோற்றத்தைக் கடன்வாங்கும் படம், நிழற்படத்தின் பொறுப்பையும் ஏற்றாக வேண்டும்.

ஆகவே ஆய்வேட்டில் இடம்பெறும் ஒவ்வொரு வெட்டுத் தோற்றத்தின் கீழும் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: வெட்டு எங்கே செல்கிறது, எந்த நாளின் எந்த நேரத்து ஒளி, நீக்கிய பாதி ஒளியைத் தடுக்கிறதா இல்லையா. வழிகாட்டிகளும் மதிப்பீட்டாளர்களும் இம்மூன்றையும் கேட்கத் தொடங்கினால் போதும். குறைந்த வருவாய்க் குடும்பமொன்று 3.6 மீட்டர் அகலத்தில் எவ்வாறு வெயிலைத் தவிர்த்து வாழக்கூடும் என்று ஒரு வீடு கேட்டது. அவ்வீடு இன்றில்லை. அக்கேள்விக்கு அது கண்ட விடையை, அதன் நிழலோடு சேர்த்தே அடுத்த தலைமுறை மாணவர்களுக்குக் கையளிக்க வேண்டும்.