ஒன்றரை மடங்கு காட்டினா ஒதுக்கிடலாமா?

2013-ல ஒரு பெல்ட் விவகாரம் வந்தது, ஞாபகம் இருக்கா? அசோஸ் என்கிற பிரிட்டிஷ் ஆன்லைன் துணிக்கடை வித்த லெதர் பெல்ட்டுல இருந்த உலோகக் குமிழ்கள் கதிர்வீச்சு காட்டுதுன்னு அமெரிக்க எல்லைச் சோதனையில பிடிச்சாங்க. உள்ளே இருந்தது கோபால்ட்-60. தயாரிப்பு இந்தியாவுல. இந்த மாதிரி விவகாரங்கள்ல வழக்கமான காரணம், ஆஸ்பத்திரியிலோ ஆலையிலோ இருந்த பழைய கதிரியக்க மூலம் ஒண்ணு இரும்புக் கழிவோட சேர்ந்து உருகிப் போறதுதான்.

திருப்பூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? பனியன் துணியில ஒண்ணும் இல்லை. ஆனா ஜிப், ரிவெட், பக்கிள், பட்டன்னு நம்ம ஊரு உடுப்புல ஏறுற உலோகம் எல்லாம் வெளியில இருந்து வர்றதுதான். அதான் அக்சசரீஸ் யாவாரம் பண்ற நண்பர் ஒருத்தர் ஒரு திட்டம் சொன்னார்: "ஒரு சின்ன கெய்கர் கவுண்டர் வாங்கி பேக்கிங்ல வெச்சரலாமுங்க. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நிமிசம். சும்மா இருக்கறப்ப காட்டறத விட ஒன்றரை மடங்கு காட்டுனா ஒதுக்கீரலாம்."

கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா இப்படிச் செய்யறதுக்குச் செய்யாமலே இருக்கலாம்ங்கிறது என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

கவுண்டர் பக்கத்துல எதுவுமே வைக்காட்டியும் அது 'டிக் டிக்'னு சத்தம் போட்டுக்கிட்டேதான் இருக்கும். மண்ணு, சுவர், தரைக்கல், வானத்துல இருந்து வர்ற காஸ்மிக் கதிர் எல்லாம் சேர்ந்த பின்னணி அது. சின்னக் குழாய்க்கு நிமிஷத்துக்கு 20 எண்ணிக்கைன்னு வெச்சுக்குவோம். இந்த 20 சராசரிதான். ஒரு நிமிஷம் 16 வரும், அடுத்த நிமிஷம் 25 வரும். மெஷின் கெட்டுப்போகலை. அணு சிதையறதே அப்படித்தான், ஒண்ணு சிதைஞ்சது இன்னொண்ணுக்குத் தெரியாது. 1910-ல ரூதர்ஃபோர்டும் கெய்கரும் ஆல்ஃபா துகள்களை ஏழரை ஏழரை விநாடியா 2,608 தடவை எண்ணினாங்க. சராசரி 3.87. ஆனா 57 தடவை ஒண்ணுமே வரலை. பாய்சான் கணக்கு 54 தடவை சும்மா இருக்கும்னு சொல்லுது. அதாவது இந்தத் தள்ளாட்டத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு.

அந்த ஒழுங்கைச் சுருக்கமா சொன்னா: N எண்ணினீங்கன்னா, அதுல √N அளவுக்கு ஏறி இறங்கறது சகஜம். 20 எண்ணினா சுமார் 4.5. 200 எண்ணினா 14.

இப்ப நண்பரோட ஒன்றரை மடங்குக்கு வருவோம். சராசரி 20 இருக்கற இடத்துல, சுத்தமான பெட்டியை வெச்சாலும் ஒரு நிமிஷத்துல 30 அல்லது அதுக்கு மேல வர வாய்ப்பு சுமார் 2.2 சதவீதம். ஆயிரம் பெட்டி வெச்சா, ஒரு குத்தமும் இல்லாத 22 பெட்டி ஒதுங்கும். ஏ.க்யூ.எல். இன்ஸ்பெக்‌ஷன் பார்த்துப் பழகின நம்ம ஊருக்கு இதைப் புதுசா விளக்க வேண்டியதில்லை. அதே ஒன்றரை மடங்கு விதியை வெச்சுக்கிட்டு பத்து நிமிஷம் எண்ணிப் பாருங்க. எதிர்பார்ப்பு 200, எல்லை 300. அந்த 100 வித்தியாசம் தள்ளாட்டத்தைப் போல ஏழு மடங்கு. தற்செயலா அங்க போய்ச் சேர்றது நடக்காத காரியம். விதி ஒண்ணுதான், நேரம்தான் மாறிச்சு.

அடுத்தது கழித்தல். பின்னணியைக் கழிக்கறது தராசுல சட்டி எடையைக் கழிக்கற மாதிரின்னு பலர் நினைக்கறாங்க. பாதிதான் சரி. சட்டி எடை மாறாது, பின்னணி ஒவ்வொரு தடவையும் வேற எண்ணைக் கொடுக்கும். அதனால கழிக்கும்போது எண்கள் கழியும், சந்தேகங்கள் கூடும்.

இதைப் பார்க்க உரக்கடை பொட்டாஷ் போதும். பொட்டாசியத்துல இயற்கையாவே பொட்டாசியம்-40 கொஞ்சம் கலந்திருக்கு. ஒரு கிலோ பொட்டாஷ் உரத்துல நொடிக்குச் சுமார் 15,000 அணு சிதையும். பெரும்பாலானது மூட்டைக்குள்ளேயே அடங்கிடும், குழாய்க்குக் கிடைக்கறது கொஞ்சூண்டுதான். கணக்குக்கு உருண்டை எண்ணா எடுத்துக்குவோம்: பின்னணி ஒரு நிமிஷத்துல 20, பொட்டாஷ் மேல வெச்சா 31. வித்தியாசம் 11. சந்தேகம் √(20 + 31), அதாவது 7. 11 ± 7-ன்னா இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. அதையே பத்துப் பத்து நிமிஷம் எண்ணி 200-ம் 310-ம் வந்தா, வித்தியாசம் 110, சந்தேகம் √510, அதாவது 23. நிமிஷக் கணக்குல 11 ± 2.3. இப்ப தைரியமா சொல்லலாம், பொட்டாஷ் கதிரியக்கம் உள்ளதுதான்.

ஒரு தப்பு அடிக்கடி நடக்குது. பத்து நிமிஷம் எண்ணி, பத்தால வகுத்து, அப்புறம் வர்ற 20-க்கு வர்க்கமூலம் போடறாங்க. எண்ணின மொத்தத்துக்குத்தான் வர்க்கமூலம், வகுக்கறது அதுக்கப்புறம். √200-ஐ 10-ஆல வகுத்தா 1.4. தப்பாப் போட்டா 4.5 வந்து, இருக்கற சரக்கே இல்லாத மாதிரி தெரியும்.

இன்னொண்ணு, பின்னணியை ஆபீஸ் ரூம்ல எடுத்துட்டு, பெட்டியை கிரானைட் தரை போட்ட குடோன்ல வெச்சு எடுக்கறது. கிரானைட்லயே பொட்டாசியம், யுரேனியம், தோரியம் எல்லாம் கொஞ்சம் உண்டு. அப்ப நீங்க அளந்தது தரையை, பெட்டியை இல்லை. அதே மேஜை, அதே உயரம், முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை. ரெண்டு பின்னணியும் ஒத்துப் போகலைன்னா அன்னிக்குக் கணக்கே வேண்டாம்.

எனக்கு அதிகம் எரிச்சல் கொடுக்கறது திரையில வர்ற மைக்ரோசீவெர்ட்தான். சாதாரண சின்னக் குழாய் கருவிகள்ல நிமிஷத்துக்குச் சுமார் 150 எண்ணிக்கையை மணிக்கு ஒரு மைக்ரோசீவெர்ட்னு மாத்திக் காட்டுவாங்க. அப்ப 20 எண்ணிக்கை 0.13 ஆகும், 30 எண்ணிக்கை 0.20 ஆகும். தசமப் புள்ளி வந்ததும் ஏதோ லேப் ரிப்போர்ட் மாதிரி ஆயிடுது. அடியில இருக்கறது அதே பத்து 'டிக்' வித்தியாசம்தான். இந்தத் திரையை போட்டோ பிடிச்சுப் பதிவு போட்டு பீதி கிளப்பறவங்களும் சரி, அதே திரையைக் காட்டி "ஒண்ணுமில்லை பாருங்க"ங்கறவங்களும் சரி, ரெண்டு பேரும் ஒண்ணும் அளக்கலை.

"துறைமுகத்துல லாரி ஓடிக்கிட்டே இருக்கறப்ப கண்டுபிடிக்கறாங்களே?"ன்னு கேட்கலாம். அங்க வெச்சிருக்கறது ஆளுயரப் பலகை மாதிரி பெரிய டிடெக்டர். ஒரு விநாடியிலேயே ஆயிரம் எண்ணிக்கை வந்தா √1000 வெறும் 32, மூணு சதவீதம். அளவு சின்னதா இருந்தா நேரத்தைக் கூட்டணும், நேரம் இல்லைன்னா டிடெக்டரைப் பெருசாக்கணும். மூணாவது வழி கிடையாது.

அப்ப நண்பர் என்ன பண்ணணும்? ஆயிரம் பெட்டிக்குப் பத்துப் பத்து நிமிஷம்னா ஏழு நாள் ராப்பகலா ஓடணும். தேவையில்லை. கெட்ட உலோகம் ஒரு உருக்குல இருந்து வந்தா அந்த லாட் முழுக்க இருக்கும். தைக்கறதுக்கு முன்னாடி, லாட்டுக்கு ஒரு பாக்கெட் ரிவெட்டைக் குழாய் ஒட்டி வெச்சு அரை மணி நேரம் எண்ணட்டும், பின்னணியும் அரை மணி நேரம். அட்டைப்பெட்டி, பனியன் எல்லாம் தாண்டி வர்றதை விட இது எவ்வளவோ மேல். சந்தேகத்தைப் போல நாலு மடங்கு தாண்டினா திரும்ப எண்ணட்டும். மறுபடியும் தாண்டினா அதைத் தனியா வெச்சுட்டு, முறையான லேபுக்குச் சொல்லட்டும். தாண்டலைன்னா "சுத்தம்"னு எழுத வேண்டாம், "இந்தக் குழாய்க்கு இதுக்கு மேல தெரியலை"ன்னு எழுதட்டும்.

நீங்க யாராவது கவுண்டர் வெச்சு அளந்து பதிவு போட்டா, எனக்கு நாலு எண் வேணும்: எவ்வளவு எண்ணினீங்க, எத்தனை நிமிஷம், பின்னணி எவ்வளவு, அது எத்தனை நிமிஷம். இந்த நாலும் இருந்தா மீதியை நாங்களே போட்டுக்குவோம். இல்லாத பதிவுக்கு என்கிட்ட இருந்து வர்ற பின்னூட்டம் என்னவா இருக்கும்னு இப்பவே தெரிஞ்சிருக்கும் :-)