ஒன்றுக்கு ஆறரை!

இங்கிலாந்தில் 1961-ல் கடைத்தெருவிலேயே பந்தயக் கடைகள் சட்டப்படி திறந்துவிட்டார்கள். கால்பந்தாட்டத்துக்கு அங்கே பணம் கட்டுகிறவர்கள் ஏராளம். கடைக்காரர் சும்மாவா கடை வைத்திருக்கிறார்? அவருடைய பங்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போமா?

ஓர் ஆட்டத்துக்கு முடிவு மூன்றுதான்: உள்ளூர் அணி ஜெயிக்கும், வெளியூர் அணி ஜெயிக்கும், அல்லது டிரா. எது நடந்தாலும் நூறு பவுன் கைக்கு வரவேண்டுமானால் மூன்றிலும் கட்ட வேண்டும். கடைக்காரர் ஒன்றுக்கு இரண்டு தரும் முடிவில் 50 பவுன், மூன்றே கால்வாசி தருவதில் ஏறக்குறைய 31, நாலு தருவதில் 25. ஆக 106 கட்டி 100 வாங்குகிறோம். அந்த ஆறுதான் கடைக்காரரின் கூலி. நியாயம்தான் என்று வைத்துக்கொள்வோம்.

"எத்தனைக்கு எத்தனை கோல்?" என்று சரியாகச் சொல்லும் பந்தயம் வேறு ரகம். 1-0, 1-1, 2-1 என்று பட்டியல் இருபது, இருபத்தைந்தைத் தாண்டும். இதே கூட்டலைப் போட்டால் 120, 130 என்று போவது சகஜம். 'முதல் கோல் யார்?' என்பதில் பல கடைகளில் அதையும் தாண்டும்.

ஒரு உதாரணம். 1-1 என்று முடியும் ஆட்டம் நூற்றுக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நியாயமான விலை ஒன்றுக்கு எட்டேகால் சொச்சம். கடைக்காரர் தருவதோ ஆறரை. இப்படி நூறு தடவை ஒவ்வொரு பவுன் கட்டினால் பன்னிரண்டு தடவை ஜெயித்து 78 பவுன் வரும். 22 பவுன் போயே போச்சு! "அடேயப்பா, ஆறரை மடங்கா!" என்று கண் விரிகிறதே தவிர, எட்டேகால் எங்கே போயிற்று என்று யார் கேட்கிறார்கள்?

கடைக்காரருக்கும் பயம் உண்டு. 4-3 என்ற முடிவு ஐந்நூறில் ஒன்றா, முந்நூறில் ஒன்றா என்று அவராலும் சத்தியம் செய்ய முடியாது. தப்பினால் நஷ்டம் பெரிது. எனவே ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கொஞ்சம் அதிகமாகப் பிடித்துக்கொள்கிறார். வரி இருபத்தைந்து, பிடித்தமும் அத்தனை! வெற்றி தோல்விப் பந்தயத்திலோ பெரும் பணம் கட்டும் கெட்டிக்காரர்கள் நாலு கடை விசாரித்து வருவதால் விலையைக் குறைக்க முடியாது. கோல் பந்தயத்துக்கு வருகிறவர் ஆசைக்கு ஒரு பவுன் வைக்கிறார், பேரம் பேசுவதில்லை.

முதல் கோலில் இன்னொரு சங்கடம். யாராவது தம் வலையிலேயே பந்தைத் தள்ளிவிட்டால், வழக்கமாக அந்தக் கோல் கணக்கில் சேராது, அடுத்ததைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் சொன்ன ஆட்டக்காரர் களத்துக்கே வராவிட்டால் பொதுவாகப் பணம் திரும்பும். அவர் ஆடியும் கோல் போடாவிட்டால் திரும்பாது.

கூலி எவ்வளவு என்று தெரிய, நூறை ஒவ்வொரு விலையாலும் வகுத்துக் கூட்டுங்கள். நூறுக்கு மேல் நிற்பது எவ்வளவு என்று பாருங்கள். ஆனால் பட்டியல் முழுவதையும் சேர்க்க வேண்டும். 'மற்ற எந்த முடிவும்' என்ற கடைசி வரியை விட்டுவிட்டால் கணக்கு உங்களை ஏமாற்றும்.