கொலஸ்ட்ரால் மாத்திரையோடு இந்த ஆன்டிபயாடிக் சேரலாமா?

தினமும் அடோர்வாஸ்டாடின் 40 மி.கி. போடும் ஒருவருக்கு நெஞ்சுச் சளி. டாக்டர் ஒரு வாரத்துக்கு கிளாரித்ரோமைசின் எழுதுகிறார். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்?

அடோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் இரண்டையும் சிதைப்பது குடலிலும் கல்லீரலிலும் உள்ள சிஒய்பி3ஏ4 என்ற என்சைம். கிளாரித்ரோமைசின் அதை முடக்கிவிடும். மாத்திரை அதே அளவுதான். ரத்தத்தில் சேரும் மருந்தோ பல மடங்கு. அதனால்தான் இந்த ஆன்டிபயாடிக்கோடு அடோர்வாஸ்டாடின் 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது, சிம்வாஸ்டாடின் சேரவே கூடாது என்கிறது அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.

கிரேப்ஃப்ரூட் ஜூஸும் குடலில் உள்ள இதே என்சைமைக் கெடுக்கும். புதிய என்சைம் உருவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். காலையில் ஜூஸ், இரவில் மாத்திரை என்று பிரித்தாலும் தப்ப முடியாது. ஆரஞ்சுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

தொடை, தோளில் காரணமில்லாத வலி, பலவீனம், டீ நிறத்தில் சிறுநீர் வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்; சி.கே. ரத்தப் பரிசோதனையில் அது தெரியும்.

வழி என்ன? ஸ்டாடின் எடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டாக்டர் அசித்ரோமைசினுக்கு மாற்றலாம். அல்லது அந்த ஒரு வாரம் ஸ்டாடினை நிறுத்தச் சொல்லலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம்.