“அவர் குறைத்துச் சொல்கிறாரே!”

வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலில் இருப்பவர்களுக்குப் பொங்கலுக்கு முந்திய மாதத்தில் மூச்சு விட நேரமிராது. அந்த மாதத்தில் அவர்கள் காதில் ஓயாமல் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. “மேஸ்திரி! நீங்கள் நாற்பத்தெட்டாயிரம் என்கிறீர்கள். இன்னொருவர் முப்பத்தாறாயிரத்துக்கு முடித்துத் தருகிறேன் என்கிறாரே!” என்பதுதான் அது.

இதற்குப் பதில் சொல்வது சுலபமென்று நினைக்கிறவர்கள் ஒரு முறை அந்த மேஸ்திரியின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். உடனே தொகையைக் குறைத்தால், முதலில் சொன்னது கொள்ளை விலை என்று தாமே ஒப்புக்கொண்டதாகும். குறைக்க மாட்டேன் என்று முறைத்துக்கொண்டால் வேலை போய்விடும். “அவன் செய்கிற வேலை எனக்குத் தெரியாதா?” என்று ஆரம்பித்தாலோ, வேலையோடு மதிப்பும் போய்விடும். இந்த மூன்றையும் விட்டு நாலாவது வழி ஒன்று இருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் நாம் நேயர்களோடு சேர்ந்து ஆராயப் போகிறோம். தொழில் செய்கிறவர்களுக்கு மட்டுமல்ல, இரண்டு விலைத்தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் குடும்பஸ்தர்களுக்கும் அது உபயோகப்படும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இரண்டு படுக்கை அறையும் ஒரு கூடமும் உள்ள வீடு ஒன்றில், சுவரும் மேல்தளமும் சேர்ந்து பூச வேண்டிய பரப்பு 2,400 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். நம் மேஸ்திரி சதுர அடிக்கு 20 ரூபாய் போட்டிருக்கிறார். மற்றவர் 15 ரூபாய் போட்டிருக்கிறார். வித்தியாசம் 12,000 ரூபாய். வீட்டு அம்மாள் கண்ணுக்குத் தெரிவது இந்த ஒரு தொகைதான். ஆனால் வர்ணம் பூசும் வேலை என்பது ஒரே வேலை அன்று. ஐந்தாறு வேலைகளின் கூட்டம். பழைய பொருக்கைச் சுரண்ட வேண்டும். பட்டி பார்க்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பிரைமர் ஒரு கோட்டிங் கொடுக்க வேண்டும். அதற்கு மேல்தான் எமல்ஷன் இரண்டு கோட்டிங் வரும். வேலை முடிந்த அன்று பார்த்தால், இவற்றில் கடைசி ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். மற்றவை எல்லாம் அதன் அடியில் மறைந்துவிடும். விலை வித்தியாசம் பெரும்பாலும் அந்த மறைவான இடத்திலேதான் இருக்கிறது.

நம் மேஸ்திரி தம் கணக்கைப் பிரித்துப் பார்க்கிறார். சுவர் முழுவதும் இரண்டு தரம் பட்டி பார்ப்பதற்கு அவர் போட்டிருப்பது, அங்கங்கே ஓட்டை ஒடிசலை மட்டும் அடைப்பதைவிடச் சதுர அடிக்கு 3 ரூபாய் அதிகம். அது 7,200 ரூபாய். பிரைமருக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 3,600 ரூபாய். சாமான்களை நகர்த்தித் துணி போட்டு மூடி, தரையைக் கழுவிக் கொடுப்பதற்கு 1,200 ரூபாய். ஆக மொத்தம் 12,000 ரூபாய். வித்தியாசம் எங்கே இருக்கக்கூடும் என்று அவருக்கு இப்பொழுது தெரிந்துவிட்டது.

“இருக்கக்கூடும்” என்று நாம் சொன்னதைக் கவனிக்க வேண்டும். மற்றவருடைய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது நம் மேஸ்திரிக்குத் தெரியாது. அவரும் முழுப் பட்டி பார்ப்பவராக இருக்கலாம். பக்கத்துத் தெருவில் வேலை நடப்பதால் சாரமும் ஆட்களும் கையருகில் இருந்து, அதனால் செலவு குறையலாம். பரப்பை அளந்த முறையே வேறாக இருக்கலாம். ஒருவர் கதவு ஜன்னல்களைக் கழித்திருப்பார், ஒருவர் கழித்திருக்க மாட்டார். ஒருவர் வரியைச் சேர்த்துச் சொல்லியிருப்பார், ஒருவர் சேர்க்காமல் சொல்லியிருப்பார். ஆகையால், “அவர் பட்டி பார்க்க மாட்டார்” என்று சொல்வது கண்ணால் காணாத ஒன்றைச் சாட்சி சொல்வதாகும். நாளைக்கு அது பொய்யென்று தெரிந்தால், அந்த அம்மாளுக்கு நம்பிக்கை குறைவது மற்றவரிடம் அல்ல, சொன்னவரிடந்தான்.

ஆகவே அவர் தம்முடைய வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறார்.

“அம்மா, பன்னிரண்டாயிரம் என்பது சின்னத் தொகை இல்லை. நீங்கள் கேட்டது நியாயம். அவர் சொன்ன விலை அவர் செய்யப் போகிற வேலைக்குச் சரியானதாகவே இருக்கலாம். நான் என்ன செய்யப் போகிறேன் என்று இந்தத் தாளில் எழுதித் தருகிறேன். இதையே அவரிடமும் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், குறைந்த விலைக்கே கொடுத்துவிடுங்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.”

தாளில் அவர் எழுதியது ஐந்தே விஷயங்கள். அளந்த பரப்பு எவ்வளவு, கதவு ஜன்னல் கழித்ததா இல்லையா என்பது ஒன்று. பட்டி சுவர் முழுவதுமா, எத்தனை தரம் என்பது இரண்டு. பிரைமர் உண்டா என்பது மூன்று. எமல்ஷன் எந்த ரகம், எத்தனை கோட்டிங், எத்தனை லிட்டர் என்பது நான்கு. தொகையில் வரியும் துப்புரவும் அடக்கமா என்பது ஐந்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே தம் பதிலை முதலில் தாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கேள்வி இரண்டு பேருக்கும் பொதுவாகிவிட்டது. மற்றவருடைய தாளைக் காட்டும்படி அவர் கேட்கவில்லை. அது அந்த அம்மாளை நம்பி ஒருவர் கொடுத்த காகிதம்.

நாலாவது கேள்வியில் லிட்டரைச் சேர்த்ததில் விஷயம் இருக்கிறது. சமமான சுவரில் எமல்ஷன் 1 லிட்டர், ஒரு கோட்டிங்குக்கு எத்தனை சதுர அடி வரும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். 2,400 சதுர அடிக்கு இரண்டு கோட்டிங் என்றால், அந்த ரகத்தில் எத்தனை லிட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். இதை வீட்டுக்காரரே வாளிகளை எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம். அதைவிட மிகக் குறைவான லிட்டரில் வேலை முடிந்தால், ஒரு கோட்டிங்தான் பூசியிருக்க வேண்டும், அல்லது தண்ணீர் அதிகமாய்க் கலந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு யாரையும் குறை சொல்வதில்லை. சொன்னவரையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது.

அம்மாள் இன்னொரு கேள்வி கேட்கிறாள். “முழுப் பட்டி அவசியந்தானா மேஸ்திரி?” நல்ல கேள்வி. இதற்கு மேஸ்திரியைவிடச் சுவரே நன்றாகப் பதில் சொல்லும். நன்றாய் ஒட்டும் நாடாவைப் பழைய வர்ணத்தின் மேல் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். செதில் செதிலாய் வந்தால் பழைய பூச்சுக்குப் பிடிப்பில்லை. சுரண்டாமல் அதன் மேல் எதைப் பூசினாலும் அதுவும் சேர்ந்தே உதிரும். உள்ளங்கையால் தேய்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத் தூள் ஒட்டினால், அந்தத் தூளைப் போக்கிப் பிரைமர் கொடுக்காமல் வர்ணம் நிற்காது. நாடா சுத்தமாய் வந்து, கையிலும் ஒன்றும் ஒட்டாமல், சுவரும் மட்டமாயிருந்தால், முழுப் பட்டி வீண் செலவு. அப்போது குறைத்துச் சொன்னவரே சுவரைச் சரியாகப் பார்த்தவர் என்று ஆகிறது. அதை வாய்விட்டுச் சொல்ல நம் மேஸ்திரி தயங்கக் கூடாது.

இந்த வீட்டில் சோதித்ததில், கூடத்திலும் ஒரு படுக்கை அறையிலும் நாடாவோடு செதில் வந்தது. மற்றப் படுக்கை அறை திடமாயிருந்தது. அந்த அறையின் பரப்பு 700 சதுர அடி. அங்கே முழுப் பட்டியும் பிரைமரும் வேண்டாம் என்று மேஸ்திரி தாமே நீக்கிவிட்டார். சதுர அடிக்கு நாலரை ரூபாய் வீதம் 3,150 ரூபாய் குறைந்து, தொகை 44,850 ஆயிற்று. இதுதான் விலையைக் குறைக்கும் முறை. எந்த வேலையை எடுத்தோமோ அதன் விலையை எடுக்க வேண்டும். வேலை அப்படியே இருக்க விலை மட்டும் இறங்கினால், “முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே?” என்று யாருக்கும் தோன்றும். பிறகு இறங்கியதை ஈடுகட்டத் தண்ணீரைக் கலக்கும் ஆசையும் தோன்றும்.

கூடத்துச் சுவர் ஒன்றில் அடியில் உப்புப் பூத்திருந்தது. சுமார் ஓர் அடி சதுரமுள்ள பாலிதீன் தாளை நாலு பக்கமும் நாடாவால் ஒட்டி ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். தாளின் சுவர்ப் பக்கத்தில் நீர்த்துளி அரும்பியிருந்தது. சுவருக்குள் ஓதம் இருக்கிறது என்று அர்த்தம். “அம்மா, இந்தச் சுவரில் நானும் சரி, அவரும் சரி, இப்போது பூசினால் நிற்காது. முதலில் குழாய்க் கசிவைப் பார்க்க வேண்டும்” என்றார் மேஸ்திரி. இரண்டு விலைகளுமே செல்லாத இடம் அது.

வாயால் திட்டாமலே பழி சொல்லும் பேச்சுக்களும் உண்டு. “நான் யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால்…” என்று தொடங்குவது அதில் ஒன்று. “மலிவாகவே செய்துகொள்ளுங்கள், உதிர்ந்த பிறகு என்னைக் கூப்பிடாதீர்கள்” என்பது இன்னொன்று. இரண்டாவதில் மற்றவரைத் தாழ்த்துவதோடு, கேட்டவருக்குப் பயமுறுத்தலும் சேர்ந்திருக்கிறது. இதே எச்சரிக்கையை, “சுரண்டாத சுவரில் பூச்சு பிடிக்காது, யார் செய்தாலும் சுரண்டச் சொல்லுங்கள்” என்று சொல்லிவிடலாம். அதில் சுவரைப் பற்றிய உண்மை இருக்கிறது. மனிதரைப் பற்றிய பேச்சே இல்லை.

ஐந்து கேள்விகளுக்கும் இரண்டு பேர் பதிலும் ஒன்றாகவே இருந்து, மற்றவர் விலை மட்டும் குறைவாயிருந்தால் என்ன செய்வது? அப்போது சமாதானம் தேடக் கூடாது. “அதே வேலையை அவர் குறைத்துச் செய்கிறார் அம்மா. என் ஆட்களின் கூலிக்கு என்னால் இவ்வளவுதான் முடியும்” என்று சொல்லி எழுந்துவிட வேண்டும். அந்த வேலை போகும். கையெழுத்திட்ட தாள் அந்த வீட்டு மேஜையறையில் இருக்கும். அடுத்த தடவை வர்ணம் பூசும்போதோ, தங்கையின் வீட்டுக்கு ஆள் வேண்டியிருக்கும்போதோ, அந்த அம்மாள் அதைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பாள்.