அரசிதழில் ஏறும் வரை தீர்ப்பு வெறும் அறிக்கைதான்

காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பை வழங்கியது. கர்நாடகத்துக்கு 270 டி.எம்.சி., தமிழகத்துக்கு 419, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பங்கு பிரித்து, பிலிகுண்டுலுவில் மாதவாரியாக எவ்வளவு நீர் கடந்துசெல்ல வேண்டும் என்ற அட்டவணையையும் கொடுத்தது. ஜூலையில் 34, ஆகஸ்டில் 50, செப்டம்பரில் 40 என்று எல்லா மாதங்களையும் கூட்டினால் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. ஆனால், ஸ்ரீரங்கப்பட்டணம் தாலுகாவில் இருக்கும் கண்ணம்பாடி அணையின் மதகுகளை அடுத்த ஆறு ஆண்டுகளுக்கு அந்த அட்டவணை கட்டுப்படுத்தவில்லை. தீர்ப்பு இருந்தது, அரசிதழில் அது வரவில்லை என்பதுதான் காரணம். 2013 பிப்ரவரி 19 தேதியிட்ட மத்திய அரசிதழில் வெளியான பிறகே அது சட்டப்படி உயிர் பெற்றது.

இந்த ஆறு ஆண்டுகளை ‘அரசியல் இழுத்தடிப்பு’ என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துபோவது எளிது. இழுத்தடிப்பு நடந்தது உண்மை. ஆனால், அப்படி இழுத்தடிக்க இடம் கொடுத்தது எது என்பதையும் பார்க்க வேண்டும்.

மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுச் சட்டம் 1956இல் வந்தது. அதன்படி நடுவர் மன்றம் தன் முடிவை மத்திய அரசுக்கு ஓர் அறிக்கையாகத்தான் அனுப்புகிறது. அதை மத்திய அரசு அரசிதழில் வெளியிட வேண்டும், வெளியிட்ட முடிவு இறுதியானது, தரப்பினர் அனைவரையும் கட்டுப்படுத்தும் என்கிறது 6ஆவது பிரிவு. அப்படி வெளியான முடிவுக்கு உச்ச நீதிமன்ற ஆணைக்கு இணையான வலு உண்டு என்று 2002ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. அரசிதழில் வருவதற்கு முந்தைய நாள் வரை அறிக்கையாக இருப்பது, வந்த நாளில் உச்ச நீதிமன்ற ஆணைக்குச் சமமாகிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது அரசிதழின் தேதி மட்டுமே.

அரசிதழில் வந்தால்தான் ஆணை செல்லுமா என்ற கேள்வி 2007இல் புதிதாக முளைத்ததல்ல. நடுவர் மன்றம் 1991 ஜூன் 25 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்து, மேட்டூருக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் வந்துசேர வேண்டும் என்றது. சரியாக ஒரு மாதத்தில், ஜூலை 25 அன்று, தன் பாசனத்தைப் பாதுகாப்பதாகச் சொல்லி கர்நாடகம் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். கேட்கப்பட்டவற்றில் ஒன்று நேரடியாக நம் விஷயம்தான்: இடைக்கால ஆணை நடைமுறைக்கு வர வேண்டுமானால் மத்திய அரசு அதை வெளியிட்டாக வேண்டுமா? ஆம், வெளியிட வேண்டும் என்று 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. கர்நாடகத்தின் அவசரச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்றும் சொன்னது. டிசம்பர் 10 அன்று ஆணை அரசிதழில் வந்தது. அடுத்த சில நாள்களில் பெங்களூரிலும் கர்நாடகத்தின் காவிரிப் படுகை மாவட்டங்களிலும் தமிழர்கள் மீது தாக்குதல்கள் நடந்தன. ஜூன் மாதம் ஆணை வந்ததற்கும் டிசம்பரில் அது அரசிதழில் ஏறியதற்கும் இருந்த வேறுபாட்டை அன்று இரு மாநிலங்களும் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தன.

ஒரு விதியோ ஆணையோ ஏன் வெளியான பிறகே செல்ல வேண்டும்? இதற்குத் தெளிவான விடையை உச்ச நீதிமன்றம் 1951இல் ஹர்லா வழக்கில் தந்தது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அமைச்சரவை 1923இல் ஒரு தீர்மானத்தின் மூலம் அபினிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதை அரசிதழிலோ வேறெங்குமோ அறிவிக்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து அதே சட்டத்தின் கீழ் ஹர்லாவுக்கு 50 ரூபாய் அபராதம் விதித்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்துசெய்தது. மூடிய அறையில் எடுத்த முடிவு, மக்கள் அறிய வழியே இல்லாதபோது அவர்களைத் தண்டிக்கப் பயன்படக் கூடாது என்பதே அதன் சாரம். சட்டம் தெரியாது என்று குடிமகன் சாக்குச் சொல்ல முடியாது என்றால், சட்டத்தைத் தெரியப்படுத்தும் கடமை அரசுக்கு உண்டு.

நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்துக்கும் அரசு போடும் விதிக்கும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. மசோதா அவையில் பேசப்படுகிறது, பத்திரிகைகளில் வருகிறது. வேறு தேதி குறிப்பிடாத மத்தியச் சட்டம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த நாளிலேயே நடைமுறைக்கு வந்துவிடுகிறது. விதிகளும் அறிவிக்கைகளும் அப்படிப் பேசப்படுவதில்லை. அவை செயலகத்தில் ஒரு கோப்பில் பிறக்கின்றன. அதனால்தான் அவற்றுக்கு அரசிதழ் கட்டாயமாகிறது.

இந்தக் கோட்பாடு நிமிடக் கணக்கு வரை செல்லும். புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு, பாகிஸ்தானிலிருந்து வரும் பொருள்கள் மீதான சுங்க வரியை இந்தியா 200 விழுக்காடாக உயர்த்தியது. அந்த அறிவிக்கை மின் அரசிதழில் ஏறியது 2019 பிப்ரவரி 16 இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடிக்கு. அன்று அதற்கு முன்பே அட்டாரி எல்லையில் சரக்கைக் காட்டி ஆவணம் கொடுத்திருந்த வணிகர்களிடமும் சுங்கத் துறை புதிய வரியைக் கேட்டது. அறிவிக்கையில் அன்றைய தேதி இருப்பதால் அது நள்ளிரவு 12 மணியிலிருந்தே செல்லும் என்பது அரசின் வாதம். உச்ச நீதிமன்றம் 2020இல் அதை ஏற்கவில்லை. அறிவிக்கை ஏறிய நேரத்திலிருந்துதான் அது செல்லும், முன்னதாக வந்த சரக்குக்குப் பழைய வரியே என்று தீர்ப்பளித்தது.

குடிமகனைக் காக்கும் இந்தக் கோட்பாட்டுக்கு மறுபக்கமும் உண்டு. வெளியான பிறகே ஆணை செல்லும் என்றால், வெளியிடும் பேனாவைக் கையில் வைத்திருப்பவர் ஆணையைத் தள்ளிப்போடவும் முடியும். காவிரியில் நடந்தது அதுதான்.

2007 தீர்ப்புக்குப் பிறகு மாநிலங்கள் விளக்கம் கேட்டு நடுவர் மன்றத்திடம் மனு கொடுத்தன, உச்ச நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்தன. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்ற காரணம் மத்திய அரசுக்கு வசதியாக அமைந்தது. அந்த இடைவெளியில் 1991இன் இடைக்கால ஆணையே ஓடியது. இரண்டு ஆணைகளும் ஒன்றல்ல. முந்தையது மேட்டூரில் 205 டி.எம்.சி. என்றது, பிந்தையது மாநில எல்லையான பிலிகுண்டுலுவில் 192 என்றது. அளவு மட்டுமல்ல, அளக்கும் இடமே மாறியிருந்தது. ஆனாலும் கண்ணம்பாடியில் நீர் திறப்பதும் மேட்டூரில் அதை எதிர்பார்ப்பதும் பழைய கணக்கிலேயே நடந்தன.

2012இல் மழை பொய்த்தபோது இந்த ஏற்பாடு உடைந்தது. பிரதமர் தலைமையிலான காவிரி நதி ஆணையம் தினமும் 9,000 கனஅடி திறக்கச் சொன்னது. மண்டியா மாவட்டமே போராட்டக் களமானது. அக்டோபர் 6 அன்று கர்நாடகத்தில் முழு அடைப்பு நடந்தது, நீர்த் திறப்பும் நின்றது. இறுதித் தீர்ப்பை இன்னும் ஏன் வெளியிடவில்லை என்று உச்ச நீதிமன்றம் கேட்டது அதன் பிறகுதான். 2013 பிப்ரவரி 20க்குள் வெளியிட்டாக வேண்டும் என்று பிப்ரவரி 4 அன்று கெடு வைத்தது. கெடுவுக்கு ஒரு நாள் முந்தைய தேதியில் அரசிதழ் வந்தது. இதற்காக மார்ச்சில் தஞ்சாவூரில் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்குப் பாராட்டு விழா நடந்தது. அரசிதழில் வந்த ஓர் அறிவிக்கைக்கு விழா எடுத்தது தமிழக வரலாற்றில் அபூர்வம்.

அரசிதழ் வந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. தீர்ப்பைச் செயல்படுத்தும் அமைப்புக்குத் தனியாக ஒரு திட்டம் வேண்டும், அதுவும் 6ஏ பிரிவின்படி அரசிதழில் வர வேண்டும். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் 192ஐ 177.25 ஆகக் குறைத்து, திட்டத்துக்கு ஆறு வாரம் கொடுத்தது. அந்தக் கெடு கர்நாடகத் தேர்தல் சூட்டில் கடந்துபோனது. தமிழகம் நீதிமன்ற அவமதிப்பு மனு போட்டது. காவிரி மேலாண்மை ஆணையத்தை அமைக்கும் திட்டம் அரசிதழில் ஏறியது ஜூன் 1 அன்று. காவிரி வரலாற்றில் முக்கியமான ஒவ்வோர் அரசிதழும் நீதிமன்றம் தலையிட்ட பிறகே வந்திருக்கிறது.

இதைத் தமிழகத்தின் தனிப்பட்ட குறையாகப் பார்க்கத் தேவையில்லை. மகதாயி நதியில் கர்நாடகத்துக்கு 13.42 டி.எம்.சி. ஒதுக்கிய தீர்ப்பு 2018 ஆகஸ்டில் வந்தது. அங்கே அரசிதழைக் கேட்டு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது கர்நாடகம். 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் அனுமதித்த பிறகே அது வெளியானது. காவிரியில் வெளியிடாதே என்ற மாநிலம், மகதாயியில் வெளியிடு என்றது. ஆதாயம் யாருக்கோ அவர் அரசிதழைக் கேட்கிறார்.

கோளாறு சட்டத்தில் இருக்கிறது. நடுவர் மன்றத்தை எத்தனை காலத்தில் அமைக்க வேண்டும், அது எத்தனை ஆண்டில் அறிக்கை தர வேண்டும், விளக்கம் கேட்பவர் எத்தனை மாதத்தில் கேட்க வேண்டும் என்பதற்கெல்லாம் 1956 சட்டத்தில் கெடு இருக்கிறது. அரசிதழில் வெளியிட வேண்டிய 6ஆவது பிரிவில் மட்டும் கெடு இல்லை.

2019இல் மக்களவையில் நிறைவேறிய திருத்த மசோதா வேறொரு வழியைப் பார்த்தது. அரசிதழில் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டு, நடுவர் மன்றத்தின் முடிவே இறுதி என்றது. மாநிலங்களவையில் நிறைவேறாமல், 2024இல் மக்களவை கலைந்தபோது அது காலாவதியானது. தாமதத்துக்கு அது மருந்துதான் என்றாலும் சரியான மருந்து அல்ல. எல்லோரையும் கட்டுப்படுத்தும் உரை எது, எந்த நாளிலிருந்து கட்டுப்படுத்துகிறது என்பதற்கு ஒரே பொதுச் சான்று அரசிதழ். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கால்வாய்ப் பாசன விவசாயிக்கும் தஞ்சாவூர்க் கடைமடை விவசாயிக்கும் அது ஒன்றாகவே தேவை.

செய்ய வேண்டியது சிறிய திருத்தம். விளக்க மனுக்களுக்கான காலம் முடிந்து, அவற்றின் மீதான முடிவும் வந்த 30 நாள்களுக்குள் மத்திய அரசு வெளியிட வேண்டும், தவறினால் 31ஆம் நாள் வெளியானதாகவே கொள்ளப்பட்டு நடுவர் மன்றமே உரையைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று 6ஆவது பிரிவில் சேர்க்கலாம். நீதிமன்றம் வெளிப்படையாகத் தடை விதித்தால் மட்டும் விலக்கு. இதற்குக் கூடுதல் நீரோ புதிய அணையோ தேவையில்லை. அடுத்த முறை நதிநீர்ச் சட்டத்தைத் திருத்தும் மசோதா அவைக்கு வரும்போது, தமிழக, கர்நாடக உறுப்பினர்கள் சேர்ந்தே கேட்கக்கூடிய அபூர்வமான கோரிக்கை இது.