203 ரூபாய்: காக்கப்பட்டது எது?

2022 மார்ச்சில் இலங்கை ரூபாய் சரிந்ததை விளக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டை ஒப்பிக்கின்றன: கொரோனாவால் சுற்றுலா படுத்தது, டாலர் தீர்ந்தது, மத்திய வங்கி தோற்றது. இவற்றில் எதுவும் பொய்யன்று. ஆனால் இந்த விளக்கம் தொடக்கத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் சொல்கிறது.

நிலையான மாற்று விகிதம் என்பது ஒரு வாக்குறுதி. அறிவித்த விலைக்கு யார் கேட்டாலும் மத்திய வங்கி டாலரை விற்கும். விற்கும்போது வாங்குபவரின் ரூபாய் வங்கிக்குத் திரும்பி, புழக்கத்திலிருந்து மறைகிறது. ரூபாய் அருகினால் வட்டி ஏறும். வட்டி ஏறினால் கடன் சுருங்கும். கடன் சுருங்கினால் இறக்குமதி குறையும், டாலரை நாடுவோரும் குறைவர். தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் பொறி இது. 1997 அக்டோபரில் ஹாங்காங் டாலர் தாக்கப்பட்டபோது, ஓரிரவுக் கடனுக்கான வட்டி சிறிது நேரம் 280 சதவீதத்தைத் தொட்டது. பங்குச் சந்தை நொறுங்கியது. ஆனால் 1983-இல் 7.8 என்று நிறுத்தப்பட்ட விகிதம் அசையவில்லை. விலை கொடுக்கப்பட்டது, வாக்குறுதி நின்றது.

கொழும்பில் நடந்தது இதற்கு நேரெதிர். 2019 டிசம்பரில் மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக வெட்டப்பட்டது. அரசின் வருவாய் சரிந்தது. பற்றாக்குறையை ஈடுகட்ட அரசு வெளியிட்ட கருவூல உண்டியல்களைக் குறைந்த வட்டியில் வாங்கச் சந்தை முன்வரவில்லை. மீந்ததை மத்திய வங்கியே வாங்கியது. 2019 இறுதியில் அதன் கையில் ஏறத்தாழ 7,500 கோடி ரூபாய்க்கு இருந்த அரசுப் பத்திரங்கள், 2021 இறுதியில் 1.4 லட்சம் கோடியாகின. டாலர் விற்று ஒரு கையால் உறிஞ்சிய ரூபாயை மறு கையால் உண்டியல் வாங்கித் திரும்ப இறைத்தார்கள். வட்டி ஏறவில்லை, எனவே இறக்குமதியும் தானாகச் சுருங்கவில்லை. 2020 முதல் வாகன இறக்குமதியைத் தடைசெய்தார்கள். அதனால் மிஞ்சிய ரூபாய் வேறு பொருள்களை நாடியது.

"டாலர் இல்லை, என்ன செய்வது?" என்பாருக்கு ஒரு கணக்கு. 2019 இறுதியில் வங்கி வெளியிட்டிருந்த அடிப்படைப் பணம் ஏறத்தாழ 93,000 கோடி ரூபாய். அன்றைய விகிதத்தில் அது சுமார் 510 கோடி டாலர். கையிருப்போ 760 கோடி டாலர். தான் வெளியிட்ட ஒவ்வொரு ரூபாயையும் திரும்ப வாங்கிக்கொள்ளும் வலு அன்று அதற்கு இருந்தது. (அந்தக் கையிருப்பில் கடன் வாங்கியதும் உண்டு, ஆயினும் கணக்கின் திசை மாறாது.) 2021 இறுதியில் கையிருப்பு 310 கோடி, அதிலும் ஏறக்குறைய பாதி சீனாவுடனான நாணயப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கிடைத்த, நினைத்தபடி செலவிட முடியாத யுவான். டாலர் தீர்ந்ததால் விகிதம் தோற்றது என்பதைவிட, வட்டியை ஏறவிடாததால் டாலர் தீர்ந்தது என்பதே சரி.

"ரூபாயைப் பாதுகாத்தல்" என்ற தொடரைக் கொஞ்சம் இலக்கணத்தோடு பார்த்தால் அதன் செயப்படுபொருளே தவறு. பாதுகாக்கப்பட்டது உண்டியலின் வட்டி. ரூபாய் அதற்கான செலவு.

விகிதம் பொய்த்துவிட்டதை முதலில் அறிந்தவர் பொருளியலாளர் அல்லர். வளைகுடாவில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்புபவர். வங்கியில் 203 ரூபாய். உண்டியல் முறையில் அதற்கும் மேல். (பத்திரமும் உண்டியல், கள்ள வழியும் உண்டியல்: தமிழின் சிறு குறும்பு.) 2020-இல் 710 கோடி டாலராக இருந்த முறையான பண அனுப்பீடு 2021-இல் 550 கோடியானது. டிசம்பரில் மத்திய வங்கி டாலருக்குப் பத்து ரூபாய் ஊக்கத்தொகை தர முன்வந்தது. தன் விலை உண்மையானதன்று என்பதைத் தானே ஒப்புக்கொண்ட அறிவிப்பு அது. ஏற்றுமதியாளர் டாலரைத் தாமதித்துக் கொண்டுவருகிறார், இறக்குமதியாளர் முந்திக்கொண்டு வாங்குகிறார், முறையான வழியும் கள்ள வழியும் விலகுகின்றன: இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று பொருள்.

அந்த நிலையிலும் 2022 ஜனவரி 18 அன்று 50 கோடி டாலர் பன்னாட்டுப் பத்திரக் கடன் முழுமையாக அடைக்கப்பட்டது. மார்ச் 7 அன்று விகிதத்தைத் தளர்த்திய மத்திய வங்கி, 230 ரூபாய்க்கு மேல் போகாது என்ற எதிர்பார்ப்பையும் சேர்த்தே அறிவித்தது. சந்தை அதை ஒரு வாரம்கூட மதிக்கவில்லை. மே மாதத்தில் டாலர் 360 ரூபாயை ஒட்டியது. ஏப்ரல் 8 அன்று புதிய ஆளுநர் நந்தலால் வீரசிங்க கொள்கை வட்டியை ஒரே அடியில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினார். 2020-இலேயே படிப்படியாகச் செய்திருக்க வேண்டியது அது. அன்று செய்திருந்தால் தொழில்கள் நலிந்திருக்கும் என்பது உண்மையான மறுப்புரை. அப்படியானால் நேர்மையான வழி, கையிருப்பு இருந்தபோதே விகிதத்தை விட்டுவிடுவது. இரண்டையும் மறுத்து, எரிபொருளுக்கும் மருந்துக்கும் டாலர் இல்லாத நாளுக்கு நாட்டைக் கொண்டுசென்றதற்குப் பொருளியலில் நியாயம் இல்லை.

2023-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசின் உண்டியல்களை வெளியீட்டின்போதே மத்திய வங்கி நேரடியாக வாங்குவதைத் தடைசெய்தது. தடுக்கப்பட்டது டாலர் விற்பனையன்று, அச்சடிப்பு.