‘இன்னும் மூன்று இடங்களே உள்ளன’: விளம்பரங்கள் விற்கும் அவசரம்

“தம்பி, மூண்டு இடம்தான் கிடக்குது எண்டு போட்டிருந்தியள். பத்து நாளாச்சு. இண்டைக்கும் மூண்டு இடம்தான் எண்டு கிடக்குது. அப்ப அண்டைக்கு நான் ஏன் ஓடினனான்?”

கடந்த தை மாதத் தொடக்கத்தில் கிளிநொச்சியில் இருந்து ஒரு தாய் தொலைபேசியில் என்னிடம் கேட்ட கேள்வி இது. வெளிநாட்டு வேலைக்குப் போக விரும்புவோருக்குப் பராமரிப்பாளர் பயிற்சி வழங்கும் தனியார் நிலையம் ஒன்றுக்கு அப்போது நான் முகநூல் விளம்பரங்கள் எழுதி வந்தேன். அந்தப் பக்கத்துக்கு வரும் அழைப்புகளுக்கும் நானே பதில் சொல்வேன். அவர் பார்த்த விளம்பரத்தை எழுதியதும் நான்தான். “இன்னும் 3 இடங்களே உள்ளன. இன்று நள்ளிரவுடன் முடிவடைகிறது. 400க்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே இணைந்துவிட்டனர்.”

காலையில் அதைப் பார்த்தவர், மகளுக்காகச் சங்கிலியை அடகு வைத்து மாலைக்குள் முற்பணம் கட்டியிருக்கிறார். காலபோக நெல் விற்ற காசு மாசியில் கைக்கு வரும். அதுவரை பொறுத்திருந்தால் அடகும் இல்லை, வட்டியும் இல்லை. அவரை ஓட வைத்தது அந்த மூன்று வரிகள்தான்.

அவர் ஏமாளி அல்ல. எமது மக்களுக்குத் தட்டுப்பாடு என்பது அனுபவித்த உண்மை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் வடக்கில் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றரியும் கிடைக்காமல் இருந்த காலத்தை நடுவயதினர் மறக்கவில்லை. 2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று, முறை வரும்போது ‘முடிஞ்சுது’ என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பியதை இளையவர்களும் அறிவார்கள். பிந்தினால் கிடைக்காது என்று வாழ்க்கை கற்றுக்கொடுத்தவர்களிடம் ‘கடைசி மூன்று’ என்று சொல்வது, ஆறின காயத்தைத் தொட்டுப் பார்ப்பது போன்றது. அதனால்தான் அந்த வரி இங்கே நன்றாக விற்கிறது.

அவசரத்தைச் சொல்வது தன்னளவில் பிழையல்ல. பேருந்தில் 49 இருக்கைகள் என்றால் 49தான். விண்ணப்ப முடிவுத் திகதி இந்த வெள்ளி என்றால், அதைச் சொல்லாமல் விடுவதுதான் பிழை. அவசரத்துக்கு ஒரு காரணம் வெளியே இருக்க வேண்டும். அந்த நேரம் முடிந்த பிறகு உண்மையாகவே ஏதாவது மாற வேண்டும். இந்த அளவுகோலை வைத்து நான் எழுதிய வரிகளைத் திரும்பப் பார்த்தேன்.

முதலாவது, மூன்று இடங்கள். வகுப்பில் ஒரு அணிக்கு 30 பேர். அந்த அணியில் மூன்று இடங்கள் மிஞ்சியிருந்த ஒரு நாள் இருந்தது உண்மை. ஆனால் அடுத்த அணி அடுத்த மாதமே தொடங்கும். கட்டணமும் அதேதான். இதைச் சொல்லாமல் விட்டதால், உண்மையான ஓர் எண்ணே பொய்யான எண்ணத்தை உண்டாக்கியது. பிறகு எண்ணை யாரும் மாற்றாமல் அதே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டபோது அது முழுப்பொய்யாகவே ஆகிவிட்டது.

இரண்டாவது, நள்ளிரவு. மறுநாள் காலை வந்தவருக்கும் நாங்கள் இடம் கொடுத்தோம். அப்படியானால் நள்ளிரவில் முடிவடைந்தது எதுவும் இல்லை.

மூன்றாவது, 400 பேர். இதுதான் என்னை அதிகம் உறுத்தியது. பதிவேட்டைத் திறந்து பார்த்தால், அந்த எண்ணிக்கை பல வருடங்களாக விண்ணப்பப் படிவம் நிரப்பியவர்களுடையது. இடையில் விட்டவர்களும் அதற்குள் அடக்கம். பயிற்சியை முடித்தவர்கள் அதிலும் குறைவு. வேலை கிடைத்து வெளிநாடு போனவர்கள் மிகச் சிலரே. அந்தத் தாய் 400 என்ற எண்ணை ‘போய்ச் சேர்ந்தவர்கள்’ என்றே விளங்கிக்கொண்டார். ‘இத்தனை பேர் சேர்ந்தார்கள்’ என்று சொல்லும்போது, எதில் சேர்ந்தார்கள், எந்தக் காலத்தில், அதன் முடிவு என்ன என்பதைச் சொல்லாவிட்டால், வாசிப்பவர் தன் ஆசைக்கு ஏற்ற பதிலைத் தானே நிரப்பிக்கொள்வார். விளம்பரம் எழுதுபவருக்கு அது நன்றாகத் தெரியும்.

இது எமது ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. 2019இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று ஏறத்தாழ 11,000 இணைய விற்பனைத் தளங்களை ஆராய்ந்தது. நேரம் முடிந்த பிறகும் அதே விலைக்கழிவு தொடர்ந்த கடிகாரங்களை அவர்கள் கண்டார்கள். கையிருப்பு எண்ணையும், ‘இப்போதுதான் ஒருவர் வாங்கினார்’ என்ற செய்தியையும் கணினியே எழுந்தமானமாக உருவாக்கிய தளங்களும் இருந்தன.

அதே வருடம் பிரித்தானியாவின் போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபை, புக்கிங்.காம், எக்ஸ்பீடியா, அகோடா உள்ளிட்ட ஹோட்டல் முன்பதிவுத் தளங்களிடம் உறுதிமொழி பெற்றது. ‘இந்த ஹோட்டலை இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று காட்டினால், அவர்கள் வேறு திகதிகளுக்காகத் தேடிக்கொண்டிருக்கலாம் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. எண் சரியாக இருந்தாலும், அது தரும் எண்ணம் பிழையாக இருக்கக்கூடாது என்பதே இதன் சாரம்.

எமது சட்டமும் இதற்குத் தூரமில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையை வர்த்தகர்களுக்குத் தடை செய்கிறது. அப்படி வழிநடத்தக்கூடியதாக இருந்தாலே போதும். ‘நாங்கள் பொய் சொல்லவில்லை, அந்த அணியில் மூன்று இடம்தான்’ என்ற சமாதானம் அங்கே எளிதில் எடுபடாது.

நான் விளம்பரத்தை இப்படி மாற்றி எழுதினேன்:

“பெப்ரவரி 17 தொடங்கும் அணிக்கு 30 இடங்கள். பெப்ரவரி 3 மாலை வரை 21 பேர் கட்டணம் செலுத்தியுள்ளனர். இது நிரம்பினால் அடுத்த அணி மார்ச் 17, அதே கட்டணம். கடந்த வருடம் பயிற்சியை முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள் எண்ணிக்கையை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். வேலை கிடைக்கும் என்பதற்கு நாம் உத்தரவாதம் தருவதில்லை.”

இதிலும் அவசரம் இருக்கிறது. பெப்ரவரியிலேயே தொடங்க வேண்டியவருக்கு ஒன்பது இடங்கள்தான். நெல் விற்கும் வரை பொறுக்க வேண்டியவருக்கோ பொறுக்கலாம் என்ற செய்தியும் அதற்குள்ளேயே இருக்கிறது. திகதி போட்டிருப்பதால் பழைய படத்தை மறுபடி போடவும் முடியாது.

முதலாளி ஒரு மாதம் அதைப் போட்டார். அழைத்தவர்கள் ‘இடம் இருக்கா’ என்று கேட்பதை விட்டு, ‘எத்தனை பேருக்கு வேலை கிடைச்சது’ என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மாதம் விளம்பர வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். பழைய மூன்று இடங்கள் திரும்பி வந்தன. நேர்மையான வரி ஒரு நிறுவனத்துக்கு எப்போது இலாபம், எப்போது நட்டம் என்பது, அந்த நிறுவனத்திடம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வாசிப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காசு கட்டும் முன்னர் அழைத்து, ‘இது தவறினால் அடுத்தது எப்போது, என்ன விலை?’ என்று கேளுங்கள். தெளிவான திகதி சொன்னால், அதைக் கணக்கில் எடுத்து முடிவெடுக்கலாம். பதிலுக்குப் பதிலாக ‘உடனே கட்டுங்கோ’ என்ற அவசரம் மட்டும் வந்தால், விளம்பரத்தைத் திகதி தெரியப் படமெடுத்து வைத்து ஒரு கிழமை பொறுத்துப் பாருங்கள். எண் மாறவில்லை என்றால் அந்தப் படமே சான்று. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். எழுத்து மூலமும் முறையிடலாம்.

அந்தத் தாயின் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. ‘கேட்டுச் சொல்லுறன் அம்மா’ என்று வைத்துவிட்டேன். கேட்பதற்கு எதுவும் இருக்கவில்லை. அன்று ஓட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை என்பதுதான் பதில். இரண்டு நாள் கழித்து அழைத்து அதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “அப்ப வட்டியை ஆர் கட்டுறது?” என்று மட்டும் கேட்டார்.